சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் இருக்கற குழந்தைக்கு சாப்பாடு ஏன் உடம்புல ஒட்ட மாட்டேங்குது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பொண்ணுக்கு ரெண்டே கால் வயசுல சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ்னு தெரிஞ்சது, இப்போ அவளுக்கு எட்டு வயசு. இந்த ஆறு வருஷத்துல மத்த அம்மா அப்பாக்கள் எங்கிட்ட போன்லயும் ஆஸ்பத்திரி வராண்டாவுலயும் திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகளை இங்க எழுதறேன். நுரையீரல் பக்கத்தை இதுல தொடல, சாப்பாடு, எடை, வளர்ச்சி மட்டும்தான். டோஸ் நம்பரெல்லாம் புரியறதுக்காக சொல்றது, உங்க பிள்ளைக்கு எவ்வளவுன்னு உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

"நல்லாத்தான் சாப்பிடறா, எனக்கே பயமா இருக்கற அளவுக்கு சாப்பிடறா. அப்புறம் ஏன் எலும்பும் தோலுமா இருக்கா?"

சாப்பிடறது வயித்துக்குள்ள போகுது, ஆனா ரத்தத்துக்குள்ள போகல, அதான் விஷயம். நம்ம வயித்துக்குப் பின்னாடி கணையம்னு ஒண்ணு இருக்கு, கொழுப்பு, புரதம், மாவுச்சத்து எல்லாத்தையும் உடைக்கற என்சைம் அங்கதான் சுரக்குது, ஒரு சின்ன குழாய் வழியா அது சிறுகுடலுக்கு வந்து சாப்பாட்டோட கலக்கணும். சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ், சுருக்கமா சிஎஃப், இருந்தா சி.எஃப்.டி.ஆர்.னு ஒரு ஜீன்ல கோளாறு, உப்பும் தண்ணியும் செல்லை விட்டு வெளிய வர்ற வழி சரியா வேலை செய்யாது, அதனால உடம்புல ஊறற திரவமெல்லாம் கெட்டியாயிடும். கணையக் குழாய்லயும் அதே கதை, கெட்டியாகி அடைச்சிடும், என்சைம் உள்ளயே மாட்டிக்கிட்டு கணையத்தையே அரிக்கும். இது நிறைய பிள்ளைகளுக்கு அம்மா வயித்துல இருக்கும்போதே ஆரம்பிச்சிடுது. சிஎஃப் இருக்கறவங்க 100 பேர்ல சுமார் 85 பேருக்கு கணையம் இப்படி வேலை செய்யாம போயிடுது.

இதுல ரொம்ப அடிபடறது கொழுப்புதான். மாவுச்சத்தை உடைக்க எச்சில்ல கொஞ்சம் என்சைம் இருக்கு, புரதத்துக்கு இரைப்பையில கொஞ்சம் இருக்கு, கொழுப்பை உடைக்கற லைபேஸுக்கு மட்டும் கணையத்தை விட்டா பெருசா வேற வழி இல்ல. ஒரு கிராம் கொழுப்புல 9 கலோரி, அரிசியில இருக்கற மாவுச்சத்துல 4தான், அப்போ எந்த சாப்பாட்டுல தெம்பு அதிகமோ அதுவேதான் அப்படியே வெளிய போகுது. என் பொண்ணு சாப்பிட்டு முடிச்ச கொஞ்ச நேரத்துல திரும்ப பசிக்குதுன்னு அழுவா, "கொள்ளை பசி, வயித்துல பூச்சி இருக்கும்"னு மூணு தடவை பூச்சி மருந்து குடுத்தோம். பூச்சியே இல்ல, அந்தப் புள்ளைக்கு நிஜமாவே பசி.

"மோஷனைப் பார்த்து கண்டுபிடிக்கலாமா?"

சந்தேகப்பட அது போதும். வெளிர் மஞ்சளா, களிம்பு மாதிரி, அளவுல நிறைய, தண்ணி ஊத்தினாலும் பீங்கான்ல ஒட்டிக்கிட்டு போகாது, நாத்தம் சாதாரண நாத்தமா இருக்காது. எங்க வீட்டுல எனக்கு முதல்ல உறைச்சது ஒரு துணியைப் பார்த்துதான், அவ பாட்டி அவளுக்கு வெள்ளைத் துணி கட்டி விட்டிருந்தாங்க, அதைத் துவைக்கப் போனப்போ மலம் போனதுக்கு அப்புறமும் துணியில சுத்தி ஒரு எண்ணெய் வட்டம், பஜ்ஜி மடிச்ச பேப்பர்ல இருக்குமே அந்த மாதிரி. சோப்பு போட்டும் போகல. அதை போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டினேன், அதுக்கு அப்புறம்தான் விஷயம் வேகமா நகர்ந்துச்சு. சில பிள்ளைகளுக்கு முக்கும்போது ஆசனவாய் சதை வெளிய வரும். முத்தம் குடுக்கும்போது நெத்தி உப்புக் கரிக்கும். இதோட அடிக்கடி சளி, இருமலும் சேர்ந்தா கண்டிப்பா கேளுங்க, டிபி மருந்தும் சத்து டானிக்கும் மாத்தி மாத்தி குடுத்துக்கிட்டே வருஷம் ஓடிடுது நிறைய பேருக்கு.

"என்ன டெஸ்ட் எடுக்கணும்?"

வேர்வை டெஸ்ட். கையில ஒரு மருந்தை வச்சு லேசா கரண்ட் குடுத்து வேர்க்க வச்சு அந்த வேர்வையில குளோரைடு அளப்பாங்க, 60 மில்லிமோலோ அதுக்கு மேலயோ வந்தா சிஎஃப். வலிக்காது. கணையத்துக்கு தனியா ஒரு டெஸ்ட், மலத்துல எலாஸ்டேஸ், ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு கீழ போனா கணையம் போதலன்னு அர்த்தம், இவளுக்கு 15க்கும் கீழ வந்தது. ஒண்ணு மட்டும், தண்ணியா பேதி போகும்போது அந்த டெஸ்ட் எடுத்தா நம்பர் பொய்யா கம்மியா காட்டும், மோஷன் கெட்டியா இருக்கற நாள்ல குடுங்க.

"நெய் எண்ணெய் செரிக்கலன்னா அதை நிறுத்திடறதுதானே சரி? வீட்டுல எல்லாரும் அதான் சொல்றாங்க"

இல்லவே இல்ல, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில் படிக்க நேரம் இருந்தா இதைப் படிங்க.

நம்ம பாட்டிகள் மட்டும் இல்ல, உலகம் பூரா டாக்டர்களே ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சாங்க. கொழுப்பு குடுத்தா எண்ணெயா போகுது, வயித்தை வலிக்குது, அதனால கொழுப்பைக் குறைன்னு. கனடாவுல டொராண்டோ குழந்தைகள் ஆஸ்பத்திரியில மட்டும் 1970கள்ல வேற மாதிரி செஞ்சாங்க, கொழுப்பைக் குறைக்காம நல்லா சாப்பிட விட்டு, அதுக்கு ஏத்த அளவு என்சைமை நிறைய குடுத்தாங்க. அதே காலத்துல அமெரிக்காவுல பாஸ்டன்ல வழக்கம்போல கொழுப்பைக் குறைச்ச சாப்பாடு. 1988ல ரெண்டு ஊர் நோயாளிகளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. நுரையீரல் வேலை செய்யறது ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா டொராண்டோ பிள்ளைகள் உயரமா வளர்ந்திருந்தாங்க, பாதிப் பேர் உயிரோட இருந்த வயசு பாஸ்டன்ல 21, டொராண்டோவுல 30. ஒம்பது வருஷம்! அதுக்கப்புறம்தான் எல்லா இடத்துலயும் கொழுப்பு குடு, என்சைமும் சேர்த்துக் குடுன்னு மாறுச்சு. இப்போ சொல்ற கணக்கு, மொத்த கலோரியில 35லேர்ந்து 40 சதவீதம் கொழுப்புலேர்ந்து வரணும், மொத்த கலோரியும் அதே வயசுப் பிள்ளைக்கு வேண்டியதைவிட அதிகம், சிலருக்கு கொஞ்சம் கூட, சிலருக்கு ரெண்டு மடங்கு வரைக்கும்.

எங்க மாமியார் இவளுக்கு ரசம் சாதமும் இட்லியும் மட்டும் குடுத்துக்கிட்டு இருந்தாங்க, பாசத்துலதான், வயிறு வலிக்கக் கூடாதேன்னு. இந்தக் கதையை சொன்னதுக்கு அப்புறம் அவங்களே நெய் டப்பாவை எடுத்து முன்னாடி வச்சாங்க.

"என்சைம் எவ்வளவு குடுக்கறது? எப்படிக் கணக்கு போடறாங்க?"

எங்க கணக்கையே சொல்றேன். கண்டுபிடிச்சப்போ இவ எடை 9 கிலோ, அந்த வயசுப் பெண் குழந்தைக்கு சராசரி 12 கிலோவுக்கு மேல. கேப்ஸ்யூல்ல எழுதியிருக்கற 10,000, 25,000 எல்லாம் உள்ள இருக்கற லைபேஸ் யூனிட். நாலு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு ஒரு வேளை சாப்பாட்டுக்கு கிலோவுக்கு 1,000 யூனிட்னு ஆரம்பிப்பாங்க, நாலு வயசுக்கு மேல 500லேர்ந்து. 9 கிலோவுக்கு 9,000, அதனால ஒரு வேளைக்கு 10,000 கேப்ஸ்யூல் ஒண்ணு. நடுவுல குடிக்கற பால், நொறுக்குத் தீனிக்கு அதுல பாதி. மூணு வேளை சாப்பாடு, ரெண்டு வேளை பால், ஆக ஒரு நாளைக்கு 40,000.

மூணு வாரம் பார்த்தோம், மோஷன் எண்ணிக்கை ஆறுலேர்ந்து மூணாச்சு, ஆனா எண்ணெய் இன்னும் இருந்தது. டாக்டர் சாப்பாட்டுக்கு ஒண்ணரை கேப்ஸ்யூலா ஏத்தினாங்க. ஒரு வாரத்துல கலர் பழுப்பாச்சு, நாத்தம் குறைஞ்சது, வயித்து உப்புசம் வடிஞ்சது. மூணு மாசத்துல 10.4 கிலோ! முதல் தடவையா அவ தொடையில ஒரு மடிப்பு விழுந்துச்சு, குளிப்பாட்டும்போது அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

நீங்களா ஏத்தாதீங்க, மேல ஒரு எல்லை இருக்கு, ஒரு வேளைக்கு கிலோவுக்கு 2,500, ஒரு நாளைக்கு கிலோவுக்கு 10,000. 1990கள்ல ரொம்ப அதிக டோஸ் எடுத்த பிள்ளைகளுக்கு பெருங்குடல் சுவர் தடிச்சு சுருங்கிப் போச்சு, அதைப் பார்த்துதான் இந்த எல்லையை வச்சாங்க. அந்த எல்லையைத் தொட்டும் எண்ணெய் போகுதுன்னா காரணம் வேற எங்கயோ இருக்கு.

"ரெண்டு வயசுப் பிள்ளை கேப்ஸ்யூல் எப்படி முழுங்கும்?"

முழுங்க வேண்டாம், திறந்து குடுக்கணும். உள்ள ரவை மாதிரி குட்டிக் குட்டி மணிகள் இருக்கும், ஒவ்வொண்ணு மேலயும் ஒரு பூச்சு. இரைப்பை அமிலத்துல அது கரையாம தப்பிச்சு, சிறுகுடலுக்குப் போனதும்தான் கரையணும், முன்னாடியே கரைஞ்சா என்சைமை அமிலம் கொன்னுடும். இதை மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். மணியை நசுக்கக் கூடாது, கடிக்க விடக் கூடாது, சூடான எதுலயும் போடக் கூடாது, பால் பாட்டில்ல கலக்கவே கூடாது. புளிப்புள்ள மசியலா ஒண்ணுல, வேக வச்சு ஆற வச்ச ஆப்பிள் மசியல் நல்லது, ஒரு ஸ்பூன் எடுத்து மணியை மேல தூவி உடனே வாயில குடுத்துடணும், பின்னாடியே தண்ணியோ தாய்ப்பாலோ. அப்புறம் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவுல விரல் விட்டுப் பாருங்க, ஒரு மணி மாட்டிக்கிட்டாலும் அந்த இடம் புண்ணாயிடும்.

சாப்பாட்டுக்கு முதல் வாயோட குடுக்கணும். அரை மணி நேரத்துக்கு மேல இழுக்கற பிள்ளைன்னா பாதியை ஆரம்பத்துலயும் பாதியை நடுவுலயும் குடுக்கச் சொல்வாங்க. தாய்ப்பாலுக்கும் என்சைம் வேணும், அதுலயும் கொழுப்பு இருக்குல்ல. பழம், இளநீர்த் தண்ணி, சர்க்கரை மிட்டாய் இதுக்கெல்லாம் வேண்டாம், தேங்காய் வழுக்கைக்கு வேணும். டப்பாவை அடுப்பு மேடையிலயோ வெயில்ல நிக்கற கார்லயோ வைக்காதீங்க.

"அது பன்னிக் கணையத்துலேர்ந்து எடுக்கறதாமே? நாங்க சுத்த சைவம். வேற மருந்து இல்லையா? செரிமான சிரப் குடுத்தா ஆகாதா?"

ஆமா, பன்னிதான். சிஎஃப்க்கு அதே அளவு வேலை செய்யற செடி மருந்து இப்போ கைவசம் இல்ல. கடையில விக்கற செரிமான சிரப்புல பொதுவா மாவுச்சத்தை உடைக்கறதும் பெப்சினும்தான் இருக்கும், கொழுப்பை உடைக்கற லைபேஸ் இருக்காது, இவங்களுக்குக் குறை லைபேஸ்லதான், அதனால அது ஈடாகாது. எங்க கிளினிக்ல வர்ற ஒரு முஸ்லிம் குடும்பம் அவங்க ஹஜ்ரத்கிட்ட கேட்டாங்க, உயிர் காக்கற மருந்து, மாத்து இல்லன்னா எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாராம். நாங்களும் சைவம்தான். நான் அதை மாமிசமா பார்க்கல, அவ கணையத்துக்குப் பதில் நிக்கற ஒண்ணா பார்க்கறேன். உங்களுக்கு மனசு ஒப்பலன்னா டாக்டர்கிட்ட வெளிப்படையா சொல்லுங்க, சொல்லாம ஒரு வேளை குடுத்து ஒரு வேளை விடறதுதான் பிள்ளைக்குக் கெடுதல்.

"கலோரி ஏத்தணும்னா என்ன சமைக்கறது? விலை கூடின பவுடர்தான் வாங்கணுமா?"

எங்க டயட்டீஷியன் மேடம் சொன்னது, சாப்பாட்டோட அளவைக் கூட்டாதீங்க, அதே அளவுக்குள்ள தெம்பைக் கூட்டுங்க. ரெண்டு இட்லி சாப்பிடற பிள்ளையை மூணாவது இட்லிக்கு மல்லுக்கட்டினா சாப்பாட்டையே வெறுத்துடும். அதே ரெண்டு இட்லிக்கு மிளகாய்ப் பொடியில ரெண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் குழைச்சு தடவினா 80, 90 கலோரி அப்படியே கூடிடும், அது ஒண்ணரை இட்லிக்கு மேல சமம். பருப்பு சாதத்துல நெய், தயிர் சாதத்துல ஆடை, கெட்டித் தேங்காய் சட்னி, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், நேந்திரம் பழத்தை நெய்யில வதக்கினது, முட்டை சாப்பிடற வீடுன்னா நெய்யில முட்டை. எல்லாத்துக்கும் என்சைம் சேர்த்து. பவுடர் தேவைப்பட்டா டாக்டர் சொல்வாங்க, எங்களுக்கு நிமோனியா வந்த ரெண்டு மாசம் மட்டும் தேவைப்பட்டது.

"விட்டமின் எதுக்கு தனியா?"

ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்புல கரையறது, கொழுப்பு வெளிய போனா அதுங்களும் கூடவே போயிடும். ஏ குறைஞ்சா மாலைக்கண், டி குறைஞ்சா எலும்பு, ஈ குறைஞ்சா நரம்பு, கே குறைஞ்சா சின்ன அடிக்கே ரத்தம் கட்டும். வெறும் வயித்துல குடுக்காதீங்க, கொழுப்பு உள்ள சாப்பாட்டோடயும் என்சைமோடயும் குடுத்தாத்தான் ஏறும். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தத்துல அளந்து பார்க்கணும், ஏ கூடிப் போனாலும் கெடுதல்.

"உப்பு கூட போடச் சொல்றாங்க, பயமா இருக்கு"

இவங்க வேர்வையில உப்பு நம்மளைவிட பல மடங்கு போகுது. நம்ம ஊர் சித்திரை வெயில்ல வேர்த்தா ரத்தத்துல சோடியம், குளோரைடு, பொட்டாசியம் எல்லாம் சரிஞ்சு, பிள்ளை துவண்டு, வாந்தி எடுத்து, எடை இறங்கும். நம்ம நாட்டுல சில கைக்குழந்தைகளுக்கு சிஎஃப் தெரிய வர்றதே இப்படித்தான். உப்பு குறைஞ்சாலே எடை ஏறாது, இது நிறைய பேருக்குத் தெரியல. கைக்குழந்தைக்கு வழக்கமா சொல்ற அளவு ஒரு நாளைக்கு கால் டீஸ்பூன்ல பாதி, ஆறு மாசத்துக்கு மேல கால் டீஸ்பூன், பல வேளையா பிரிச்சு, டாக்டர் காட்டின அளவு ஸ்பூன்லதான். பெரிய பிள்ளைன்னா உப்பு போட்ட மோர், ஊறுகாய், விளையாடப் போனா ஓஆர்எஸ். ஒரு மே மாசம் நாங்க கல்யாணத்துக்கு பஸ்ல போயிட்டு வந்த ராத்திரி இவ கூப்பிட்டா கண்ணைத் திறக்கல, உதடு காஞ்சு கன்னத்துல வெள்ளையா உப்புப் பூத்திருந்தது. டிரிப்ஸ் ஏத்தி ரெண்டு நாள் ஆச்சு எழுந்து உட்கார. அதுலேர்ந்து பையில உப்புப் பொட்டலமும் ஓஆர்எஸ்ஸும் இல்லாம நான் வெளிய கிளம்பறதே இல்ல.

"என்சைம் சரியாத்தான் குடுக்கறோம், ஆனாலும் எடை அப்படியே நிக்குது"

எங்களுக்கும் நாலரை வயசுல ரெண்டு மாசம் நின்னுச்சு. டோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி எங்க டாக்டர் ஒரு நாள் முழுக்க என்ன நடக்குதுன்னு எழுதிட்டு வரச் சொன்னாங்க. எழுத உட்கார்ந்தப்போதான் மதியம் ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியலன்னு தெரிஞ்சது. போய்ப் பார்த்தா அங்க இருந்த ஆயாம்மா, பாவம் நல்ல மனசுதான், கேப்ஸ்யூலைப் பிரிச்சு ஹாட்பாக்ஸ்ல இருந்த சூடு சாம்பார் சாதத்துல போட்டு பிசைஞ்சு ஊட்டிக்கிட்டு இருந்தாங்க. சூட்டுலயும் பிசையறதுலயும் பூச்சு போயிடும், ஒரு வேளை என்சைம் தினமும் வீணாப் போயிருக்கு. அவங்களுக்குப் புரியற மாதிரி ஒரு மணியைத் தண்ணியில போட்டு, ஒண்ணை நசுக்கிக் காட்டினேன். அதுக்கப்புறம் சின்ன டப்பாவுல ஆப்பிள் மசியல் தனியா போச்சு, அடுத்த மாசமே 400 கிராம் ஏறுச்சு.

குடுக்கற முறை எல்லாம் சரியா இருந்தும் நின்னா, டாக்டர் வேற இடத்துல தேடுவாங்க. சிறுகுடல்ல அமிலம் தணியாம இருந்தா மணி மேல இருக்கற பூச்சு கரையாது, அதுக்கு அமிலம் குறைக்கற மாத்திரை சேர்ப்பாங்க. நெஞ்சுல தொத்து இருந்தா கலோரி அங்க எரியும். குடல்ல கிருமியோ, கோதுமை ஒத்துக்காத சீலியாக்கோ இருக்கலாம். பத்து வயசுக்கு மேல சிஎஃப்னால சர்க்கரை நோய் வரலாம், அதுக்கு முதல் அறிகுறியே பல பேருக்கு எடை நிக்கறதுதான், அதனால பத்து வயசுலேர்ந்து வருஷா வருஷம் குளுக்கோஸ் குடிச்சு எடுக்கற டெஸ்ட் எடுப்பாங்க. அப்படி வந்தாலும் சாப்பாட்டைக் குறைக்க மாட்டாங்க, இன்சுலின்தான். இன்னொண்ணு, திடீர்னு மோஷன் போகாம வலது பக்கம் அடிவயித்துல வலி, கட்டி மாதிரி தட்டுப்பட்டா வீட்டு வைத்தியம் பார்க்காம அன்னிக்கே போங்க, குடல்ல அடைப்பா இருக்கலாம்.

"வயித்துல ட்யூப் போடணும்கறாங்க. அவ்வளவு மோசமாயிடுச்சா?"

கடைசிக் கட்டம்னு நெனச்சுக்காதீங்க. வாயால எவ்வளவு முயற்சி பண்ணியும் போதலன்னா, வயித்துச் சுவர்ல ஒரு சின்ன துளை போட்டு அது வழியா ராத்திரி தூங்கும்போது சொட்டுச் சொட்டா கலோரி ஏத்துவாங்க, பகல்ல பிள்ளை வழக்கம்போல வாயால சாப்பிடும், ஸ்கூலுக்குப் போகும். அதுக்கும் என்சைம் வேணும். எங்க கிளினிக்ல பத்து வயசுப் பையன் ஒருத்தனுக்குப் போட்டாங்க, அவங்க அம்மா சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, "அக்கா, அஞ்சு வருஷமா ஒவ்வொரு வேளையும் எங்களுக்குள்ள சண்டைதான், இப்போதான் அவன் பக்கத்துல சும்மா உட்கார்ந்து சாப்பிடறேன்."

"எடை ஏறுது, உயரம் மட்டும் வரலையே. இனிமே வருமா?"

எடைதான் முதல்ல வரும், உயரம் பின்னாடி வரும். உடம்பு முதல்ல பட்ட கடனை அடைக்கும், அப்புறம்தான் எலும்பை நீட்டும். இவளுக்கு எடை ஏற ஆரம்பிச்சு ஆறு மாசம் வரைக்கும் உயரம் 82 சென்டிமீட்டரை விட்டு பெருசா அசையவே இல்ல, எனக்கு தூக்கமே வரல, அதுக்கப்புறம் அடுத்த ஒரு வருஷத்துல 9 சென்டிமீட்டர் வளர்ந்தா. டாக்டர்கள் பார்க்கற இலக்கு, ரெண்டு வயசுக்குள்ள உயரத்துக்கு ஏத்த எடையும், ரெண்டு வயசுக்கு மேல பிஎம்ஐயும் அதே வயசுப் பிள்ளைகளோட நடுக்கோட்டுல இருக்கணும், அந்தக் கோட்டுல இருக்கற பிள்ளைகளுக்கு நுரையீரலும் நல்லா இருக்கறதைப் பார்த்திருக்காங்க. ஒரு தடவை எடுத்த நம்பரைப் பார்த்து பயப்படாதீங்க, அதே மெஷின்ல, மாசாமாசம், உடுப்பைக் கழட்டிட்டு எடுத்து சார்ட்ல புள்ளி வைங்க, புள்ளிகள் எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான் பேசும். போன மாசம் இவ யூனிஃபார்ம் பாவாடை முட்டிக்கு மேல ஏறிடுச்சு, டெய்லர் அண்ணா மடிப்பைப் பிரிச்சு விட்டும் பத்தல, வருஷ நடுவுல புதுசு எடுக்க வேண்டியதாப் போச்சு.